மலையூர் மேடையில் முதல் நாற்பது நொடி: யாரை, எந்த வரிசையில், எப்படி விளிப்பது

கோத்தகிரிப் பக்கம் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி ஆண்டு விழா. மேடையில் ஏழு நாற்காலி. கோட்டாட்சியர் ஒருவர், வட்டாட்சியர் ஒருவர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், ஊர்க் கவுடர், பக்கத்துக் கான்வென்ட் அருட்சகோதரி, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருக்கும் ஒரு தாய். கீழே முன்வரிசையில் கம்பளிச் சால்வை போர்த்திய பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்திலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர். தரையில் பாய் விரித்துப் பிள்ளைகள். பணிக்கு வந்து ஆறு மாதமான ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து நிமிடப் பேச்சு கொடுத்திருக்கிறார்கள். பேச வேண்டியதை அவர் நன்றாகவே தயாரித்திருப்பார். தடுமாறுவது அதற்கு முன்னால் வரும் அந்த நாற்பது நொடியில்தான்.

இந்த ஒரு மேடையை வைத்தே முழுவதையும் பார்த்துவிடலாம். குன்னூரிலோ கூடலூரிலோ கொடைக்கானலிலோ பேசினாலும் ஆட்கள்தான் மாறுவார்கள், முறை இதுதான்.

முதலில் அழைப்பிதழ், பிறகு ஆட்கள்

விழாவுக்கு முந்தைய நாளே அழைப்பிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'தலைமை', 'முன்னிலை', 'வரவேற்புரை', 'வாழ்த்துரை', 'சிறப்புரை', 'நன்றியுரை' என்று பிரித்திருப்பார்கள். உங்கள் விளிவரிசையின் எலும்புக்கூடு அதுதான். யார் பெயரை எங்கே போடுவது என்று ஏற்பாட்டாளர்கள் ஏற்கெனவே ஒரு சுற்றுச் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். நீங்கள் புதிதாக ஒரு வரிசை உண்டாக்கினால் அந்தச் சண்டையைத் திரும்பத் தொடங்கி வைத்தவராவீர்கள்.

ஆனால் அழைப்பிதழை அப்படியே படிக்கவும் கூடாது. அதில் அச்சானவர்கள் எல்லோரும் வருவதில்லை, வந்தவர்கள் எல்லோரும் அதில் இல்லை. மலையில் இது இன்னும் அதிகம். மலைப்பாதையில் மரம் விழுந்தாலோ மூடுபனி இறங்கினாலோ கீழிருந்து வர வேண்டியவர் வந்து சேரமாட்டார், அல்லது தமக்குப் பதில் வேறொருவரை அனுப்புவார். ஆகவே பட்டியலை இரண்டு முறை எழுத வேண்டும்: முந்தைய நாள் ஒரு முறை, மேடையேறுவதற்குக் கால்மணி நேரம் முன்பு நாற்காலிகளைக் கண்ணால் பார்த்து இன்னொரு முறை.

எழுதுவதற்குத் தடித்த அட்டையே நல்லது. அஞ்சலட்டை அளவு போதும். ஒரு வரியில் ஒருவர், அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய தாள் குளிரிலும் பதற்றத்திலும் நடுங்கும், கைநடுக்கத்தைக் கடைசி வரிசைக்கும் காட்டிக் கொடுக்கும். திறந்தவெளி மேடையானால் ஜெல் பேனா வேண்டாம். மழைத்தூறலும் மூடுபனியும் பட்டு எழுத்துக் கரைந்து, ஒருவரின் பதவி இன்னொருவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண பால் பாயிண்ட் பேனா தாங்கும்.

பதவியைச் சரியாகத் தெரிந்துகொள்வது

அலுவலர்களைப் பொறுத்தவரை பெயரைவிடப் பதவிதான் முக்கியம். பெயரில் சிறு பிழை வந்தால் அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். பதவியை ஒரு படி குறைத்துச் சொன்னால் அவரும் சிரிக்கமாட்டார், அவருடன் வந்தவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது ஆங்கில எழுத்துச் சுருக்கங்களில். 'ஆர்டிஓ வருகிறார்' என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது வருவாய்க் கோட்டாட்சியராகவும் இருக்கலாம், வட்டாரப் போக்குவரத்து அலுவலரையும் பேச்சு வழக்கில் அப்படியேதான் சொல்கிறார்கள். சாலைப் பாதுகாப்பு விழாவென்றால் இருவருமே மேடையில் இருக்கக்கூடும். 'பிடிஓ'வும் அப்படித்தான். ஓர் ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் உண்டு: வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிக்கு ஒருவர். இருவரும் வந்திருந்தால் 'வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே' என்று ஒருமையில் சொல்லிவிட்டுப் போக முடியாது. இருவர் பெயரையும் சொல்லுங்கள், அல்லது 'வட்டார வளர்ச்சி அலுவலர்களே' என்று பன்மையில் சேர்த்துவிடுங்கள்.

எந்த இடத்து அலுவலர் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துக்கொண்டால் கேட்பவர்களுக்கு விளங்கும். நீலகிரியில் உதகை, குன்னூர், கூடலூர் என்று மூன்று வருவாய்க் கோட்டங்கள், ஆறு வட்டங்கள். கோத்தகிரி வட்டம் குன்னூர்க் கோட்டத்தில் வருகிறது. ஆகவே நம் மேடையில் இருப்பவர் 'குன்னூர் கோட்டாட்சியர்', அவர் பக்கத்தில் இருப்பவர் 'கோத்தகிரி வட்டாட்சியர்'. புதிதாக வந்த ஆசிரியர் 'கோத்தகிரி கோட்டாட்சியர்' என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊர்க்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள், பிள்ளைகள் அடக்கமாட்டார்கள். பழனி மலைப் பக்கம் இதற்கு வேறொரு கோணம் உண்டு. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருப்பதால் ஆட்சியர் மலையடிவாரத்துக்கும் அப்பால் திண்டுக்கல்லில் இருப்பார். மலைமேல் நடக்கும் பெரும்பாலான விழாக்களில் வருவாய்த் துறையின் மூத்தவராகக் கோட்டாட்சியரே உட்கார்ந்திருப்பார்.

உள்ளாட்சித் தலைவர்கள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலம் வருவதுண்டு. அப்போது நேற்றுவரை தலைவராக இருந்தவரை மேடையில் 'ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே' என்று அழைத்தால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அலுவலருக்குச் சங்கடம். 'முன்னாள்' என்று சொன்னால் அவருக்கே சங்கடம். பெயரோடு 'அவர்களே' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவதே கைவந்தவர்கள் செய்வது.

அடைமொழியில் கஞ்சத்தனம் நல்லது

'மாண்புமிகு' என்பது அமைச்சர்களுக்கும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் உரியது. நீதிபதி வந்திருந்தால் 'மாண்பமை' என்பது வழக்கம். அலுவலர்களுக்கு 'மதிப்பிற்குரிய' அல்லது 'உயர்திரு' போதும். கோட்டாட்சியரை 'மாண்புமிகு கோட்டாட்சியர் அவர்களே' என்று உயர்த்திவிட்டால், அடுத்து சட்டமன்ற உறுப்பினருக்குச் சொல்ல உங்கள் கையில் சொல் மிச்சமிருக்காது.

'முனைவர்' பட்டம் உள்ளவருக்கு அதுவே போதும், அதற்கு முன்னால் 'திரு' வேண்டாம். அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் 'இ.ஆ.ப.,' என்று இருப்பது அச்சுக்கானது. அதை மேடையில் எழுத்தெழுத்தாக உச்சரித்தால் தந்தி படிப்பதுபோல் இருக்கும், பதவியைச் சொல்லிவிட்டாலே அது அடங்கிவிடும். 'கோட்டாட்சியர் சார் அவர்களே', 'மேடம் அவர்களே' என்ற இரட்டை மரியாதையும் வேண்டாம். 'அவர்கள்' வந்த பிறகு 'சாரு'க்கு வேலையில்லை.

பெண் அலுவலருக்குத் 'திருமதி'யா 'செல்வி'யா என்று தெரியாதபோது கேட்டுத் திரிய வேண்டியதில்லை. பதவியை மட்டும் சொல்லி 'அவர்களே' சேர்த்தால் அந்தக் கேள்வியே எழாது. உண்மையில் ஆண்களுக்கும் இதுவே அழகு. எல்லோரையும் பெயரோடு சொல்வது, ஆனால் ஒரே ஒரு பெண்ணை மட்டும் பதவியால் சொல்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பெயரென்றால் எல்லோருக்கும் பெயர்.

சமயத் துறவியரிடம் ஒரு நுட்பம் இருக்கிறது. மலையில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் திருச்சபைகளோடு பின்னிப்பிணைந்தவை என்பதால் இது அடிக்கடி வரும். கத்தோலிக்க வழக்கில் 'ஆயர்' என்றால் மறைமாவட்டம் முழுவதற்கும் பொறுப்பானவர், அவருக்கு மேலே 'பேராயர்'. தென்னிந்தியத் திருச்சபை வழக்கில் ஒரு சபையின் போதகரையே 'ஆயர்' என்பார்கள், திருமண்டலத்துக்குப் பொறுப்பானவர்தான் 'பேராயர்'. சொல் ஒன்று, படி வேறு. எந்தச் சபை என்று தெரியாமல் 'ஆயர் அவர்களே' என்றால் ஒருவரை உயர்த்தவோ இறக்கவோ செய்துவிடுவீர்கள். கத்தோலிக்கக் குருவுக்கு 'அருட்தந்தை', கன்னியருக்கு 'அருட்சகோதரி' என்பதில் குழப்பமில்லை. நம் மேடையில் இருப்பவர் அருட்சகோதரி. ஆகவே 'சிஸ்டர்' என்று சொல்லாமல் 'அருட்சகோதரி' என்று பெயரோடு சொன்னால் முடிந்தது.

பெரியவர்களை எங்கே வைப்பது

இதுதான் மலையூர் மேடையின் உண்மையான சிக்கல். அலுவலரின் மரியாதை நாற்காலியோடு வருகிறது, மாற்றலானால் நாற்காலியோடு போகிறது. ஊர்ப் பெரியவரின் மரியாதை போவதில்லை. அவரைத் துணை வட்டாட்சியருக்குப் பின்னால், கிராம நிர்வாக அலுவலருக்குப் பின்னால் என்று பதவி ஏணியில் தேடி வைக்க முடியாது. வைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்த ஆண்டு விழாவுக்கு ஊர் மண்டபம் கேட்கப் போகும்போது தெரியும்.

பழக்கத்தில் நிலைபெற்ற தீர்வு இது: தலைமை ஏற்றிருப்பவர், சிறப்பு விருந்தினர், முன்னிலை வகிக்கும் மூத்த அலுவலர் ஒருவர் அல்லது இருவர். இவர்களைச் சொன்னதும் அலுவலர் வரிசையை அங்கேயே நிறுத்திவிட்டு ஊர்ப் பெரியவரிடம் திரும்பிவிட வேண்டும். மிச்சமுள்ள இளைய அலுவலர்கள் அவருக்குப் பின்னால், பெரும்பாலும் ஒரே தொகையாக, 'அரசுத் துறை அலுவலர்களே' என்று வருவார்கள். இதில் எந்த அலுவலரும் மனம் கோணியதாகத் தெரியவில்லை. அவர்கள் ஊரிலும் இதுதானே முறை.

அவரை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை ஊரிலேயே கேட்க வேண்டும். படுகர் ஊர்களில் ஊர்த் தலைவரைக் 'கவுடர்' என்கிறார்கள். படுகர் ஊர்கள் தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தெ என்று நான்கு சீமைகளாகப் பிரிந்தவை, கோத்தகிரிப் பக்கம் பொரங்காடு. பல ஊர்த் தலைவர்கள் ஒரே மேடையில் கூடும் விழாவானால் சீமைப் பெரியவர் முதலில், ஊர்ப் பெரியவர்கள் பிறகு. ஊர்களுக்குள் எது முன்னது, எது பின்னது என்பதை வெளியாள் ஊகிக்கவே கூடாது. 'பொரங்காட்டுச் சீமையின் ஊர்ப் பெரியவர்களே' என்று ஒன்றாகச் சொல்வதே பாதுகாப்பு.

சமூகப் பெயர்களில் கவனம். பார்ப்பவர்களை எல்லாம் சேர்த்து 'மலைவாழ் பழங்குடி மக்களே' என்று விளிப்பது கீழிருந்து வருபவர்களின் வழக்கமான பிழை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு சமூகங்களும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவை. படுகர் அந்தப் பட்டியலில் இல்லை, அதில் சேர்க்கக் கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. ஆகவே அந்த ஒரு சொல்லை ஒலிபெருக்கியில் போட்டால் ஒரு பாதி அவை தன்னைச் சொல்லவில்லை என்று நினைக்கும், மறுபாதி பழைய விவாதத்தை நினைக்கும். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பலர் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 'தாயகம் திரும்பியோரே' என்று அவர்களை விளிக்க இன்று எந்தக் காரணமும் இல்லை. 'பெற்றோர்களே' என்றால் போதும், அவர்கள் வந்திருப்பது பெற்றோராகத்தான்.

ஊரின் பெயர் சொல்லி அழைப்பது எப்போதும் நன்று. கோத்தர் ஊர்க் கோக்காலிலிருந்தோ தோடர் மந்திலிருந்தோ பெரியவர் வந்திருந்தால் அந்த ஊரின் பெயரை அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதும் வாயில் சொல்வதும் வேறாக இருக்கும்.

படுகு மொழியில் ஒரு வணக்கம் சொல்லலாமா என்று ஆர்வம் வரும். உள்ளூர் மாணவரிடம் கற்று, அவர் முன்னால் சொல்லிக்காட்டி, அவர் சிரிக்காவிட்டால் சொல்லுங்கள். ஆனால் அதைவிட எடை கொண்ட ஒன்று மேடையேறுவதற்கு முன்பே இருக்கிறது. படுகர் வழக்கில் இளையவர் பெரியவர் முன் தலை தாழ்த்துவார், பெரியவர் தலையில் கை வைத்து வாழ்த்துவார். விழா தொடங்குமுன் முன்வரிசைக்குப் போய் அதைச் செய்துவிட்டு வந்தால், பிறகு மேடையில் 'பெரியோர்களே' என்ற ஒற்றைச் சொல்லே நிறைவாக ஒலிக்கும்.

இளையவர்களுக்கு

இளையவர்களுக்கு 'அவர்களே' வராது, அன்புதான் வரும். ஆனால் அந்த அன்பு உங்கள் வயதைப் பொறுத்தது. ஐம்பது வயது ஆசிரியர் 'மாணவச் செல்வங்களே' என்றால் பொருந்தும். இருபத்திரண்டு வயதுக்காரர் எட்டாம் வகுப்பைப் பார்த்து அப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களைப் பார்த்துச் சொன்னால் அவர்களே நெளிவார்கள். அங்கே 'மாணவ மாணவியரே' அல்லது 'தம்பி தங்கையரே' போதும். மாணவரே பேச்சாளரானால் 'உடன் பயிலும் நண்பர்களே'. 'குழந்தைகளே' என்பது தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட வேண்டும். சக ஆசிரியர்களை 'ஆசிரியப் பெருமக்களே' என்றோ 'உடன் பணிபுரியும் ஆசிரியர்களே' என்றோ சொல்லுங்கள். உங்களைவிட மூத்த ஆசிரியர்கள் இருக்கும் அறையில் 'நண்பர்களே' வேண்டாம்.

வாக்கியம் கட்டுவது

தமிழில் இதற்கு இரண்டு அச்சு உண்டு. ஒன்று விளி: 'தலைவர் அவர்களே, கோட்டாட்சியர் அவர்களே, பெரியோர்களே… அனைவருக்கும் வணக்கம்.' மற்றது நான்காம் வேற்றுமை: 'தலைவர் அவர்களுக்கும், கோட்டாட்சியர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும் என் வணக்கம்.' எதில் தொடங்கினீர்களோ அதிலேயே முடிக்க வேண்டும். 'தலைவர் அவர்களே, கோட்டாட்சியர் அவர்களுக்கும், ஆசிரியர்களே வணக்கம்' என்ற கலப்படம் மேடைதோறும் கேட்கக் கிடைக்கும். நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால் விளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'உக்கும்… உக்கும்' என்று நீண்டுகொண்டே போனால் வாக்கியம் எங்கே முடியும் என்பது பேசுபவருக்கே மறந்துபோகும்.

விளியை எடுத்தால் 'வணக்கம்' ஒரே ஒரு முறை, கடைசியில். ஒவ்வொருவருக்கும் 'அவர்களே வணக்கம், அவர்களே வணக்கம்' என்று சொன்னால் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருவதுபோல் ஆகிவிடும். 'அனைவர்களுக்கும்' என்று சொல்லாதீர்கள், 'அனைவருக்கும்' என்பதே சரி.

ஒருவருக்கு முன்னால் ஓர் அடைத்தொடர்தான். 'இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும்' என்று வந்தால் அதோடு சரி. 'தலைமை ஏற்று, பள்ளியை முன்னேற்றி, எங்களையெல்லாம் வழிநடத்தி, இரவு பகல் பாராமல் உழைக்கும்' என்று நீட்டினால் பெயர் வருவதற்குள் அவரே தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் பாராட்டைப் பேச்சுக்குள்ளே ஒரு நிகழ்ச்சியோடு சொல்லுங்கள், அங்கே அது நம்பும்படி இருக்கும்.

தலைவர் முதலா, பெரிய பதவிக்காரர் முதலா? பள்ளி, சங்கம், நூலகம் போன்ற விழாக்களில் அவைத் தலைவரே முதல், அவர் சிறப்பு விருந்தினரைவிடச் சிறிய பதவியில் இருந்தாலும். மேடையை நடத்துபவர் அவர். அமைச்சர் வரும் அரசு விழாவில் வழக்கு மாறும். ஆட்சியர் தலைமை என்று அழைப்பிதழில் இருந்தாலும் அமைச்சரைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்சியரைச் சொல்வார்கள். எந்த வகை விழா என்பதில் ஐயம் இருந்தால் உங்களுக்கு முன்னால் பேசும் மூத்தவர் எப்படிச் சொல்கிறார் என்று கவனித்து அதையே பின்பற்றுங்கள். அவர் தவறாகவே சொன்னாலும் அன்றைய மேடைக்கு அதுதான் வரிசை.

இனி நம் ஆசிரியரின் அட்டை. ஏழு பேர் மேடையில், மூன்று நான்கு கூட்டம் கீழே. அவர் எழுத வேண்டியது இது:

"இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மதிப்பிற்குரிய குன்னூர் கோட்டாட்சியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கோத்தகிரி வட்டாட்சியர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, வணக்கத்திற்குரிய ஊர்க் கவுடர் அவர்களே, அருட்சகோதரி (பெயர்) அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, வேலையை விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்பு மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

பதினொரு விளி. நிதானமாகச் சொன்னால் நாற்பது நொடி வரும். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இதுதான் மேல்வரம்பு. பத்து நிமிடம் கிடைத்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரை விட்டுவிடாததைப் பாருங்கள். வகுப்புத் தேர்வுத்தாளில் கையெழுத்துப் போட வரும் அதே அம்மாதான், ஆனால் இன்று மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். நாற்காலி கொடுத்தவருக்கு 'அவர்களே' கொடுத்தாக வேண்டும். மேடையில் ஆறு பேரைச் சொல்லி ஏழாமவரை விட்டால், அவரைக் கீழேயே உட்கார வைத்திருந்தால் வந்திருக்காத அவமானம் வரும்.

சொல்லும்போது ஒவ்வொரு 'அவர்களே'க்கும் அவர் பக்கம் பார்வையைத் திருப்பி, ஒரு மூச்சளவு நிறுத்தம். திரும்பும்போது வாய் மைக்கை விட்டு விலகினால் பதவி மட்டும் கேட்கும், பெயர் காற்றோடு போகும். ஆகவே முகத்தைவிடக் கண்ணைத் திருப்புங்கள். கைகூப்புவது ஒரே முறை, கடைசி 'வணக்கம்' வரும்போது. அட்டையைப் பிடித்த கையோடு கூப்பாமல் அதை மேசையில் வைத்துவிட்டுக் கூப்புங்கள்.

பட்டியல் குலையும்போது

விழா பத்து மணிக்கு. மூடுபனியால் கோட்டாட்சியர் வந்து சேரவில்லை, நேர்முக உதவியாளரை அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள். வந்தவரைக் 'கோட்டாட்சியர் அவர்களே' என்று சொல்லக்கூடாது. வராதவரை விளிப்பது அதைவிடப் பிழை, காலி நாற்காலியைக் கும்பிட்டதுபோல் ஆகும். 'குன்னூர் கோட்டாட்சியர் அவர்கள் சார்பில் வருகை தந்திருக்கும் நேர்முக உதவியாளர் அவர்களே' என்பதே முறை. அவருடைய இடம் எது? அனுப்பியவரின் இடத்தில் வைப்பதா, அவரது சொந்தப் பதவிக்கு உரிய இடத்தில் வைப்பதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரைச் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கோட்டாட்சியர் வந்துவிட்டால் பாதி வாக்கியத்தில் நிற்காதீர்கள். அந்த வாக்கியத்தை முடித்து, அவர் உட்காரும்வரை அமைதியாக இருந்து, 'வருகை தந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களை வணங்குகிறேன்' என்று ஒரு வரி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். விளிவரிசையை மறுபடி முதலிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தவர்களும் உண்டு. அவை அதை மறப்பதில்லை.

ஒருவர் பெயர் விட்டுப்போனது நடுவில் நினைவுக்கு வந்தால் 'மன்னிக்கவும், மறந்துவிட்டேன்' என்று அறிவிக்க வேண்டாம். விட்டதை அதுவரை கவனிக்காதவர்களுக்கும் அது தெரிந்துவிடும். பேச்சின் போக்கிலேயே 'நம் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள் முன்னிலையில் இதைச் சொல்வதில் மகிழ்ச்சி' என்பதுபோல் அவரை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். 'யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள்க' என்ற வழக்கமான வரியும் உதவாது. அதைக் கேட்டதும் எல்லோரும் தம் பெயர் வந்ததா என்று எண்ணிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

நான்காவது ஐந்தாவதாகப் பேச வாய்ப்பு வந்தால் முழுப்பட்டியலும் வேண்டியதில்லை. தலைவர், சிறப்பு விருந்தினர் இருவரையும் பதவியால் சொல்லி, ஊர்ப் பெரியவரையும் சேர்த்து, மற்றவர்களை 'மேடையிலும் அவையிலும் வீற்றிருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே' என்று இரண்டே விளியில் அடக்குங்கள். பன்னிரண்டு நொடியில் முடியும். அதற்குள் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளுக்குக் கால் மரத்திருக்கும், சுண்டல் பொட்டலம் எப்போது வரும் என்று பின்வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.